ஆடாத பல்லின் அடியில்

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்குக் கீழ்த்தாடையில், வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில், ஆறு வருஷமாக ஒரு இம்ப்ளான்ட் இருக்கிறது. நம்மூரில் 'ஸ்க்ரூ பல்' என்கிறோமே, அதுதான். அதை வைத்து முறுக்கு கடிக்கிறார், கரும்பு கடிக்கிறார், ஒரு குறையும் இல்லை. பல் தேய்க்கையில் அந்தப் பக்கம் கொஞ்சம் ரத்தம் கசிகிறது என்று பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்தார். அதுவும் மகள் விடாமல் நச்சரித்ததால். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பத்து மில்லிமீட்டர் நீள ஸ்க்ரூவில் மேல் நான்கு மில்லிமீட்டரைச் சுற்றி எலும்பே இல்லை.

"ஆடவே இல்லியே டாக்டர். வலியும் கெடையாது. பெறவு எப்படி எலும்பு போகும்?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்றைக்குக் கடைசியாக வந்தவர் அவர்தான். கீழே டீக்கடையில் அவருக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்றும் எனக்குச் சர்க்கரையோடு ஒன்றும் வாங்கிவரச் சொல்லிவிட்டு, எக்ஸ்ரேயை இருவருக்கும் நடுவில் வைத்துப் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். நம் சொந்தப் பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் வேரையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கின்றன. தூளியில் குழந்தை தொங்குவதுபோலப் பல் அந்த நார்களில் தொங்குகிறது. கடிக்கும்போது இம்மியளவு அமுங்கி எழும். ஈறு நோய் வந்து எலும்பு இறங்கினால் நார்கள் அறும், பல் ஆடும், நமக்கும் தெரிந்துவிடும்.

இம்ப்ளான்ட்டில் அந்த நார்களே கிடையாது. டைட்டானியம் ஸ்க்ரூவின் மேல் எலும்பு நேரடியாக வந்து பற்றிக்கொள்கிறது. எலும்பு இப்படி டைட்டானியத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதை 1950-களில் ஸ்வீடனில் முயல்களின் கால் எலும்பை ஆராய்ந்துகொண்டிருந்த பிரோனமார்க் என்ற மருத்துவர் கவனித்தார். எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியை வெளியே எடுக்கப் போனால், அது வரவில்லை. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் அதே உலோகத்தில் ஸ்க்ரூக்களை வைத்தார். லார்சன் 2006-ல் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை வேலை செய்தன. ஆக, இம்ப்ளான்ட்டுக்கு ஆயுள் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்தப் பிடிப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அண்ணாச்சியின் ஸ்க்ரூவில் நான்கு மில்லிமீட்டர் போனாலும் மீதி ஆறு மில்லிமீட்டர் எலும்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. கடைசி மில்லிமீட்டர் வரை அது ஆடாது. ஆடுகிற நாளில் காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இருக்காது, கழற்றி எடுக்க வேண்டியதுதான். (மேலே உள்ள கேப் மட்டும் ஆடினால் அது வேறு சமாச்சாரம். உள்ளே கேப்பைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். முறுக்கிவிட்டால் போதும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, பயப்படாமல் இருக்கிறவர்களும் உண்டு.)

அப்படியென்றால் எலும்பைத் தின்பது எது? "கிருமியா?" என்றார். பாதிதான் சரி. பல்லின் மேலும் கேப்பின் மேலும் வழவழவென்று ஒரு படலம் தினமும் படியும். பிளேக் என்கிறோம். முழுக்க நுண்ணுயிரிகள். துலக்கினால் போய்விடும், துலக்காவிட்டால் தடிக்கும். ஈறோரத்தில் அது தங்கினால் உடம்பு அதை எதிர்த்துப் படை அனுப்பும். ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்துக்கு மியூகோசைட்டிஸ் என்று பெயர். எலும்பு இன்னும் அப்படியே இருக்கும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், இம்ப்ளான்ட் வைத்த சிலரை மூன்று வாரம் அந்த இடத்தைத் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் வீக்கம் வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் வடிந்தது. ஆனால் அடுத்த மூன்று வாரம் கழித்தும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

வீக்கம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நின்றால் சிலருக்கு அது கீழே இறங்கும். எலும்பைக் கரைக்கிற செல்களைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் அந்த அழற்சிதான். தீயை அணைக்க வந்த நம் உடம்பே சுவரை இடிக்கிறது. ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு கிண்ண வடிவத்தில் குழிகிறது. இதுதான் பெரி-இம்ப்ளான்ட்டைட்டிஸ். சொந்தப் பல்லில் வேருக்குக் குறுக்கே பாயும் நார்கள் புண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு தடுப்பு போலக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இம்ப்ளான்ட்டின் கழுத்தில் ஈறு நார்கள் உலோகத்துக்குள் ஊன்றுவதில்லை. பக்கவாட்டில் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. புண் தடையில்லாமல் எலும்பு வரை போய்விடும். போகிற வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை, நாளாக நாளாகக் கூடும். ஸ்க்ரூவின் சொரசொரப்பான பகுதி வெளியே வந்துவிட்டால் பிளேக்குக்கு அதைவிட வசதியான இடம் ஏது?

நான்கு மில்லிமீட்டர் என்று நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்டார். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவின் மரைகள் தெளிவாகத் தெரியும். அவருக்கு வைத்த வகையில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.8 மில்லிமீட்டர். எலும்புக்கு மேலே வெளியே தெரிந்த மரைகள் ஐந்து. ஐந்தை 0.8-ஆல் பெருக்கினால் நான்கு. எக்ஸ்ரே கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினாலும், மரை அளவு தெரியுமாகையால் கணக்கு தப்பாது. ஆனால் எக்ஸ்ரே பல்லின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும்தான் காட்டும். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் உலோகத்தின் நிழலில் மறைந்துபோகும். அதற்குத்தான் புரோப். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஈறுக்கும் கேப்புக்கும் நடுவில் மெதுவாக, அழுத்தாமல் இறக்கிப் பார்ப்போம். அண்ணாச்சிக்கு நாக்குப் பக்கத்தில் ஏழு மில்லிமீட்டர் இறங்கியது. எடுத்ததும் ரத்தம், அதோடு துளி சீழ்.

இதில் அவருக்கு ஒரு நல்ல காலம். ஆறு வருஷத்துக்கு முன் கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியை வீட்டில் பீரோவில் வைத்திருந்தார். அதில் எலும்பு முதல் மரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் வருஷத்தில் எலும்பு கொஞ்சம் இறங்குவது சகஜம், அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டோம். அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கவலை. பழைய படம் கையில் இல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரிவது இன்றைய நிலை மட்டுமே. அப்படிப்பட்டவர்களுக்காக 2017-ல் உலக ஈறு நிபுணர்கள் கூடிப் பேசி ஓர் அளவுகோல் வைத்தார்கள்: ரத்தமோ சீழோ வர வேண்டும், புரோப் ஆறு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இறங்க வேண்டும், எலும்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கீழே இருக்க வேண்டும். அண்ணாச்சி இரண்டு வழியிலும் சிக்கிக்கொண்டார்.

நம்மூர்க்காரர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வைத்த தேதி, கம்பெனி பெயர், ஸ்க்ரூவின் குறுக்களவும் நீளமும், கேப் மாட்டிய அன்றைய எக்ஸ்ரே, அன்றைய புரோப் அளவு, இவ்வளவையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேலைக்காகப் பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போவார்கள், நாமும் பின்னால் போவோம். அங்கே உள்ள டாக்டர் உங்கள் கேப்பைக் கழற்ற வேண்டுமானால் எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்று தெரியாமல் கருவியைக்கூட எடுக்க முடியாது.

"சரி, எனக்கு ஏன் வந்துச்சு? காலைல ராத்திரி ரெண்டு வேளையும் பல் தேய்க்கேனே."

கண்ணாடியைக் கொடுத்துத் தேய்த்துக் காட்டச் சொன்னேன். பிரஷ் கேப்பின் மேற்பரப்பிலும் கன்னத்துப் பக்கத்திலும் நன்றாகத்தான் ஓடியது. நாக்குப் பக்கத்துக்கு அது போகவே இல்லை. வலக்கைக்காரர்களுக்கு வலப்பக்கக் கீழ்ப் பல்லின் உள்புறம் கை மடங்காத இடம், பெரும்பாலும் விட்டுப்போகும். அதைவிட முக்கியமான காரணம் கேப்பின் வடிவத்தில் இருந்தது. அவருடைய ஸ்க்ரூவின் குறுக்களவு 4.3 மில்லிமீட்டர். மேலே உட்கார்ந்திருக்கும் கடைவாய்க் கேப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் அகலம். இவ்வளவு மெல்லிய கழுத்திலிருந்து இவ்வளவு அகலமாக விரிந்தால், கேப்பின் விளிம்புக்கு அடியில் சுற்றிலும் ஒரு திண்ணை நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண பிரஷ் அந்த விளிம்பைத் தடவிவிட்டுப் போய்விடும், அடியில் நுழையாது. பிளேக் படிவதோ அந்த அடியில், கழுத்தைச் சுற்றி. அவருக்குக் கேப்பை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, அந்தப் பல்லை அவர் இழந்ததே ஈறு நோயால்தான். ஆடி ஆடி விழுந்த பல். அப்படி இழந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டிலும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். சுத்தக் குறைவும், வைத்த பிறகு டாக்டரிடம் போகாமல் இருப்பதும் அதே அளவுக்கு உறுதியான காரணங்கள். முதல் இரண்டு வருஷம் போனாராம், அப்புறம் நிறுத்திவிட்டார். சர்க்கரை நோயும் பீடி சிகரெட்டும் எவ்வளவு தூரம் காரணம் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. என்றாலும் ஈறு ஆறுவதற்கு இரண்டும் இடைஞ்சல் என்பதால் நான் விடாமல் கேட்கிறேன்.

வெற்றிலையும் உண்டு அவருக்கு. சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்து ஈறோரத்தில் கல் மாதிரி காரை பிடிக்கும். காரையின் மேல் புதுப் பிளேக் இன்னும் சுலபமாக ஒட்டும். அந்தக் காரையைத் தேய்த்து எடுக்கிறேன் பேர்வழி என்று வாரத்துக்கு ஒருநாள் உமிக்கரி போட்டு விரலால் தேய்க்கிறார். தாமிரபரணிப் படித்துறையில் அப்பா கற்றுக்கொடுத்த பழக்கம். நெல் விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமா? அப்பாவுடைய பற்களுக்கு அது எப்படி இருந்ததோ, இம்ப்ளான்ட்டுக்கு வேண்டாம். விரல் போவது பல்லின் முன்புறத்துக்கு மட்டும். கரித்தூளோ கேப்புக்கு அடியில் போய் உட்காரும். சாப்பிட்ட பின் ஈர்க்குச்சியாலோ ஊக்காலோ குத்துவதும் அப்படித்தான். ஈறைக் கீறும், முறிந்து உள்ளே தங்கும்.

வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது டாக்டர் செய்கிற வேலை. மெடிக்கலில் அமாக்ஸிசிலின் வாங்கி ஐந்து நாள் போட்டால் சீழ் குறையும், நோய் போகாது; பிளேக் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. உப்புத் தண்ணீரும் அப்படியே. அண்ணாச்சியின் கேப் ஸ்க்ரூவால் மாட்டியது, சிமென்ட்டால் ஒட்டியது இல்லை. அதனால் கழற்ற முடிந்தது. (சிமென்ட்டால் ஒட்டியவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு: ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கு அடியில் தங்கிவிட்டால் அதுவே நோயைத் தொடங்கிவைக்கும்.) கழற்றி, கழுத்தைச் சுற்றி உலோகத்தைக் கீறாத முனை கொண்ட கருவியாலும் கிளைசின் என்ற மென்மையான தூளைக் காற்றில் பீய்ச்சியும் சுத்தம் செய்தோம். கேப்பை லேபுக்கு அனுப்பி அந்தத் திண்ணையைக் குறைத்து, பிரஷ் நுழைய வழி செய்து, திரும்ப மாட்டினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஏழு மில்லிமீட்டர் ஐந்தாகியிருந்தது, சீழ் இல்லை, நாக்குப் பக்கம் மட்டும் இன்னும் ரத்தம். அது நிற்காவிட்டால் ஈறைத் திறந்து மரைகளைச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை. எலும்புக் குழியின் வடிவம் வாய்ப்பாக இருந்தால் எலும்புத்தூள் வைத்து நிரப்பலாம். ஆனால் போன நான்கு மில்லிமீட்டரும் அப்படியே திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மிச்சம் உள்ள ஆறைக் காப்பாற்றுவதுதான் குறி.

இனி அவர் வீட்டில் செய்ய வேண்டியது. இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், டீயும் இரண்டாவது ரவுண்டு வந்தது.

காலையிலும் ராத்திரியிலும் மென்மையான பிரஷ், சாதாரண பேஸ்ட். பிரஷ்ஷின் மயிர்கள் பாதி ஈறிலும் பாதி கேப்பிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, ஒரே இடத்தில் சின்னதாக அசைக்க வேண்டும். நாக்குப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். கடைசியில் வைத்தால் கை சலித்து விட்டுவிடுவோம். அதற்கப்புறம் ஒற்றைக்கொத்து பிரஷ். நுனியில் ஒரே ஒரு சிறு மயிர்க்கொத்து மட்டும் உள்ளது. அதை விளிம்புக்கு அடியில் சொருகி, கழுத்தை ஒட்டி நாக்குப் பக்கம் முழுக்க மெதுவாகச் சுற்றிவர வேண்டும். எதையும் அழுத்த வேண்டாம். பிளேக் மெத்தென்றிருக்கும், தொட்டாலே வந்துவிடும்.

ராத்திரி மட்டும் இன்டர்டென்டல் பிரஷ். மெல்லிய கம்பியைச் சுற்றி மயிர் வைத்த குட்டி பிரஷ். கம்பியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், வெறும் உலோகக் கம்பி கழுத்தைக் கீறக்கூடும். இதில் பெரும்பாலோர் தவறுவது அளவில். சின்னதாக இருந்தால் சுலபமாக நுழையும், ஆனால் ஒன்றையும் துடைக்காது. பெரிதாக இருந்தால் கம்பி வளையும், ஈறு வலிக்கும். நுழைக்கும்போது மயிர்கள் இரண்டு பக்கமும் உரசி லேசாகத் தடை தெரிய வேண்டும். கம்பி எங்கும் முட்டக் கூடாது. அண்ணாச்சிக்கு இம்ப்ளான்ட்டின் முன்பக்க இடைவெளிக்கு ஓர் அளவும், பின்பக்கம் அகலம் என்பதால் அதற்குப் பெரிய அளவும் தேவைப்பட்டன. நாற்காலியில் வைத்தே ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து முடிவு செய்தோம். கன்னத்துப் பக்கமிருந்து நான்கைந்து முறை, பிறகு கம்பியைக் கொஞ்சம் வளைத்து நாக்குப் பக்கமிருந்தும் அதே போல. பேஸ்ட் வேண்டாம், தண்ணீரில் நனைத்தால் போதும். முடிந்ததும் கழுவி உலர வைக்க வேண்டும். மயிர் கலைந்தால் தூக்கிப்போட வேண்டும்.

"டிவில நூல் விட்டு இழுக்காங்களே, அது வேண்டாமா?"

அவருக்கு வேண்டாம். மரை வெளியே தெரிகிற இம்ப்ளான்ட்டில் ஃப்ளாஸ் நூலைச் சுற்றி இழுத்தால் சொரசொரப்பில் நார் பிய்ந்து மாட்டிக்கொள்ளும். அந்த நாரே நோய்க்குக் காரணமாக இருந்ததை நெதர்லாந்து டாக்டர்கள் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். எலும்பு நன்றாக உள்ளவர்கள் தடித்த பஞ்சுபோன்ற சூப்பர் ஃப்ளாஸை டாக்டர் காட்டிக்கொடுத்தபடி பயன்படுத்தலாம். தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் ஃப்ளாஸர் உணவுத் துணுக்கை வெளியேற்றும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு உபகாரம்தான். ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாக அதை மட்டும் நம்பக் கூடாது. வாய் கொப்பளிக்கும் திரவமும் அப்படித்தான்.

முதல் ஒரு வாரம் பிரஷ் போகிற இடத்தில் ரத்தம் வரும் என்று முன்கூட்டியே சொன்னேன். ரத்தத்தைப் பார்த்ததும் "புண்ணாயிடுச்சு" என்று அந்தப் பக்கத்தையே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வீங்கிய ஈறு ரத்தம் விடும், சுத்தமானதும் நிற்கும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்த பின்னும் நிற்கவில்லை என்றால் அடியில் ஏதோ இருக்கிறது, வந்து காட்ட வேண்டும். அமுக்கினால் சீழ் வருவது, வாயில் ஒரு கசப்பு, திடீரென்று துர்நாற்றம், இவையும் அதே கணக்கு.

இவ்வளவு செய்தாலும் டாக்டரைப் பார்க்காமல் தீராது. பிரேசிலில் மியூகோசைட்டிஸ் கட்டத்தில் இருந்த எண்பது பேரை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இடையில் ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் எலும்பு கரைந்த நோய்க்குப் போனவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். வராதவர்களில் நாற்பத்து நான்கு பேர். வந்தவர்களிலும் பதினெட்டு என்பதைக் கவனிக்க வேண்டும், பூஜ்யம் இல்லை. பழைய ஈறு நோய் இல்லாதவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். அண்ணாச்சிக்கு மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் இம்ப்ளான்ட்டைச் சுற்றிப் புரோப் வைத்துப் பார்த்து எழுதிவைப்போம். ஆழம் கூடினால் அன்றே எக்ஸ்ரே. புரோப் வைக்காமல் 'பல் ஆடல, நல்லா இருக்கு' என்று அனுப்பினால், அது பரிசோதனையில் சேராது.

போன தடவை வந்தபோது கன்னத்துப் பக்கம் ரத்தம் அறவே இல்லை. நாக்குப் பக்கம் ஒரே ஒரு புள்ளியில் இன்னும் கசிகிறது, அறுவை வேண்டுமா என்பதை அடுத்த மாதம் பார்த்து முடிவு செய்வோம். பிரஷ்ஷை நின்றபடி பிடிப்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்து இடக்கையில் கண்ணாடியோடு செய்கிறாராம்.

"மக கண்ணாடிய எடுத்து ஒளிச்சு வெச்சிடுதா டாக்டர். அவளுக்கு நான் இப்ப மேக்கப் போடுத மாதிரி இருக்காம்."